பொங்கல் ஏன் நகர்கிறது?

சுவாமி விவேகானந்தர் 1863 ஜனவரி 12 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அன்று மகர சங்கராந்தி என்று அவருடைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவர் பிறந்த ஜனவரி 12-ஐ இப்போது தேசிய இளைஞர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்த நாளில் சங்கராந்தி வருவதில்லை. இரண்டு மூன்று நாள் தள்ளி, 14 அல்லது 15-ஆம் தேதிதான் வருகிறது. அன்று ஒரே நாளில் இருந்த இரண்டும் இன்று எப்படிப் பிரிந்தன?

வரலாற்று நூல்களில் பிழை இல்லை. பஞ்சாங்கக்காரர் எவரும் தவறாகக் கணக்குப் போடவும் இல்லை. ஆங்கில நாட்காட்டியும் நம் சூரிய மாதங்களும் 'ஓர் ஆண்டு' என்பதை வெவ்வேறு இடத்திலிருந்து அளக்கின்றன. அந்த இரண்டு அளவுக்கும் நடுவே ஆண்டுக்குச் சுமார் 20 நிமிட வித்தியாசம் இருக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வரும் வித்தியாசம் இது.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது ஆண்டு?

வானத்தில் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரு பாதையில் நகர்வதாக நமக்குத் தெரிகிறது. அந்த வட்டப் பாதையைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சூரியன் தனுசு ராசியை விட்டு மகர ராசிக்குள் நுழையும் கணம் மகர சங்கராந்தி. அதுவே தை மாதப் பிறப்பு. நம் பஞ்சாங்கத்தில் இந்த ராசிகளின் எல்லைகள் நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்டவை. ஒரு நட்சத்திரத்துக்கு நேராக இருந்து கிளம்பிய சூரியன் மறுபடி அதே நட்சத்திரத்துக்கு நேராக வந்து சேர 365 நாள், 6 மணி, 9 நிமிடம், 10 வினாடி ஆகிறது. இது நட்சத்திர ஆண்டு.

ஆங்கில நாட்காட்டி நட்சத்திரங்களைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது பருவங்களை. பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த நாள் எப்போதும் மார்ச் 21-ஐ ஒட்டியே இருக்க வேண்டும் என்பது அதன் குறி. ஈஸ்டர் திருநாளை அந்த நாளைக் கொண்டு கணிப்பதால், அது நழுவிப் போவதைத் தடுக்கவே 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. வசந்த சமநாளிலிருந்து அடுத்த வசந்த சமநாள் வரையிலான காலம் சராசரியாக 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 வினாடி. இது பருவ ஆண்டு. நூற்றாண்டு வருடங்களில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்ற விதியால், ஆங்கில நாட்காட்டியின் சராசரி ஆண்டு இந்த அளவுக்கு அரை நிமிடம்கூட விலகாமல் நிற்கிறது.

நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிடம் சொச்சம் நீளம். பூமி சூரியனைச் சுற்றுவது ஒரே சுற்றுதானே, அதற்கு இரண்டு நீளம் எப்படி வரும்? பருவத்தைத் தீர்மானிக்கும் புள்ளி வானத்தில் நிலையாக நிற்கவில்லை என்பதே காரணம். ஒவ்வோர் ஆண்டும் அது சூரியனை எதிர்கொள்வதுபோல் கொஞ்சம் பின்னோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆகவே சூரியன் முழு வட்டத்தை முடிப்பதற்குச் சற்று முன்பே அந்தப் புள்ளியைத் தொட்டுவிடுகிறது.

தலையாட்டும் அச்சு

பூமி சரியான உருண்டை அல்ல. தன்னைத்தானே சுற்றும் வேகத்தில் அதன் இடுப்புப் பகுதி பிதுங்கியிருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு உள்ள தூரம், துருவத்துக்கு உள்ள தூரத்தைவிட ஏறத்தாழ 21 கிலோமீட்டர் அதிகம். பூமியின் அச்சு இருபத்து மூன்றரை டிகிரி அளவுக்குச் சாய்ந்திருப்பதால் இந்தப் பிதுக்கம் சந்திரனுக்கும் சூரியனுக்கும் நேராக அமைவதில்லை. இரண்டும் தங்கள் ஈர்ப்பால் அந்தப் பிதுக்கத்தைத் தங்கள் தளத்துக்கு இழுத்து, பூமியை நிமிர்த்தப் பார்க்கின்றன. சந்திரன் சிறியது என்றாலும் அருகில் இருப்பதால் அதன் பங்கே பெரியது.

சுற்றிக்கொண்டிருக்கும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய பக்கம் போகாது. பம்பரம் நமக்குப் பழக்கமான சாட்சி. சாய்ந்து சுற்றும் பம்பரத்தை எடை கீழே இழுத்தாலும், சுழற்சி இருக்கும்வரை அது விழாமல் தலையை மட்டும் வட்டமாக ஆட்டும். பூமியும் அப்படித்தான். ஒரு வேறுபாடு உண்டு. பம்பரத்தை அதன் எடை சாய்க்கப் பார்க்கிறது. பூமியை ஈர்ப்பு நிமிர்த்தப் பார்க்கிறது. அதனால் பம்பரம் சுற்றும் திசையிலேயே தலையை ஆட்ட, பூமியின் அச்சு அது சுற்றும் திசைக்கு எதிராக வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும்.

அச்சு திரும்பும்போது நிலநடுக்கோட்டுத் தளமும் சேர்ந்து திரும்புகிறது. சூரியனின் பாதையை அந்தத் தளம் வெட்டும் இடங்களே சமநாள் புள்ளிகள். எனவே அவையும் நட்சத்திரங்களுக்கு நடுவே மேற்கு நோக்கி நழுவுகின்றன. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி என்ற வேகம். நம் சோதிட நூல்கள் இதை அயன சலனம் என்கின்றன. இதுவரை நழுவியிருக்கும் அளவுக்குப் பெயர் அயனாம்சம்.

சித்திரை நட்சத்திரம் காட்டிக்கொடுத்தது

இந்த நழுவலைக் கண்டுபிடித்தவர் என்ற பெருமை கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸுக்கு உரியது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். நாம் சித்திரை என்று அழைக்கும் நட்சத்திரத்தை அவர் எடுத்துக்கொண்டார். அது சூரியனின் பாதையை ஒட்டியே இருக்கும் பிரகாசமான நட்சத்திரம். இலையுதிர்கால சமநாள் புள்ளியிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்தார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பு அலெக்சாந்திரியாவில் திமோகாரிஸ் அதே அளவை எடுத்து வைத்திருந்தார். திமோகாரிஸுக்குச் சித்திரை அந்தப் புள்ளிக்கு 8 டிகிரி முன்னால் இருந்தது. ஹிப்பார்க்கஸ் அளந்தபோது 6 டிகிரிதான். நட்சத்திரம் நகரவில்லை, புள்ளிதான் நழுவியிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார்.

அந்தக் கணக்கை நாமும் தொடரலாம். கி.மு. 130-ஐ ஒட்டி அந்தப் புள்ளிக்கு 6 டிகிரி முன்னால் இருந்த சித்திரை, இன்று அதைத் தாண்டி 24 டிகிரிக்குச் சற்று அப்பால் இருக்கிறது. மொத்தம் 30 டிகிரி சொச்சம். இடையில் கடந்தவை சுமார் 2,150 ஆண்டுகள். வகுத்துப் பார்த்தால் ஒரு டிகிரிக்கு 71, 72 ஆண்டு வருகிறது. வெறுங்கண்ணால் எடுத்த அளவு இன்றைய வேகத்தோடு இவ்வளவு நெருங்கி நிற்கிறது.

இந்தியாவில் அரசு ஏற்றுக்கொண்ட பஞ்சாங்கக் கணிதமும் இதே நட்சத்திரத்தையே முளையாக வைத்திருக்கிறது. சித்திரைக்கு நேர் எதிரே, 180 டிகிரியில் உள்ள இடத்தை மேஷ ராசியின் தொடக்கம் என்று கொள்கிறார்கள். சமநாள் புள்ளியும் இந்தத் தொடக்கமும் ஒன்றாக இருந்தது கி.பி. 285 வாக்கில். அன்றிலிருந்து விழுந்த இடைவெளிதான் இன்றைய 24 டிகிரி அயனாம்சம்.

இருபது நிமிடம் ஒரு நாளாவது எப்படி?

ஆண்டுக்கு 20 நிமிடம் என்றால் 72 ஆண்டில் 1,440 நிமிடம். அது சரியாக ஒரு நாள். ஆங்கிலத் தேதியில் சங்கராந்தி 72 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்துகிறது என்று சொல்வது இதனால்தான். ஆனால் இது சராசரி. ஒருவர் தன் வாழ்நாளில் உள்ள நாட்காட்டிகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் இப்படிச் சீராகத் தெரியாது.

அண்மை ஆண்டுகளையே பாருங்கள். திருக்கணிதப்படி 2022-இல் சங்கராந்தி ஜனவரி 14 பிற்பகல். 2023-இல் 14-ஆம் தேதி இரவு. 2024-இல் 15-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன். ஆண்டுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகிறது. அப்புறம் 2025-இல் சட்டென்று 14-ஆம் தேதி காலை 9 மணிக்குத் திரும்பிவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த 29-ஆம் நாள் அதைப் பின்னுக்கு இழுத்தது. 14-க்கும் 15-க்கும் இடையில் பொங்கல் ஆடுவதற்கு இந்த லீப் ஆண்டு ஊஞ்சலே பெரிய காரணம். அதை அயன சலனம் என்று எண்ணிவிடக் கூடாது.

உண்மையான நகர்வைப் பார்க்க வேண்டுமானால் நான்கு ஆண்டு இடைவெளியில் ஒப்பிட வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள் என்று போகும் வரை, ஆங்கில ஆண்டின் சராசரி 365 நாள் 6 மணி. நட்சத்திர ஆண்டு அதைவிட 9 நிமிடம் சொச்சம் அதிகம். ஆகவே ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் சங்கராந்தி சுமார் 37 நிமிடம் பிந்துகிறது. கோள்களின் ஈர்ப்பால் பூமியின் ஓட்டத்தில் ஏற்படும் சிறு தடுமாற்றங்களால் சில நிமிடம் கூடக்குறைய இருக்கும். இந்த வேகத்தில் ஒரு நூற்றாண்டுக்குக் கிடைப்பது 15 மணி நேரம்தான். மீதி, லீப் நாள் விடுபடும் நூற்றாண்டு வருடங்களில் ஒரே தாவலாக வருகிறது. 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகளில் பிப்ரவரி 29 இல்லை. ஒவ்வொரு முறையும் சங்கராந்தி முழுதாக 24 மணி நேரம் முன்னே தாவியது. 2000 லீப் ஆண்டாக இருந்ததால் அப்போது தாவல் இல்லை.

இப்போது விவேகானந்தர் பிறந்த நாளுக்கு வருவோம். இன்றைய திருக்கணித முறையில் பின்னோக்கிக் கணக்கிட்டால் 1863-இல் சூரியன் மகரத்தில் நுழைந்தது ஜனவரி 12 இரவு சுமார் 8.20 மணிக்கு. ஒப்பிட ஏற்ற ஆண்டு 2027. இரண்டுமே லீப் ஆண்டுக்கு முந்தைய ஆண்டுகள். ஆகவே ஊஞ்சலின் ஒரே நிலையில் இருப்பவை. இடைவெளி 164 ஆண்டு. ஆண்டுக்கு 9 நிமிடம் 10 வினாடி வீதம் 25 மணி நேரம் ஆகிறது. 1900-இன் தாவல் 24 மணி நேரம். மொத்தம் 49 மணி. ஜனவரி 12 இரவு 8.20-உடன் 49 மணி நேரத்தைக் கூட்டினால் ஜனவரி 14 இரவு 9.20. 2027-இல் சங்கராந்தி அந்த நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற சராசரிப்படி 164 ஆண்டுக்கு இரண்டே கால் நாள் வர வேண்டும். தாவல்கள் எப்போது விழுகின்றன என்பதைப் பொறுத்து இப்படிக் கொஞ்சம் முன்பின்னாகும்.

சூரியன் மறைவதற்குள்ளா, பிறகா?

சங்கராந்தி ஒரு கணம். பண்டிகைக்கு வேண்டியது ஒரு நாள். கணத்தை நாளாக்கும் விதி ஊருக்கு ஊர் வேறு. தமிழ் மரபில் சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு. மறைந்த பின் நிகழ்ந்தால் மறுநாள். 2023-இல் ஜனவரி 14 இரவு சங்கராந்தி வந்ததால் 15-இல் பொங்கல் வைத்தோம். வங்கத்தில் நள்ளிரவு எல்லை, கேரளத்தில் பிற்பகலிலேயே எல்லை, ஒடிசாவில் எந்த நேரமானாலும் அதே நாள். ஒரே கணம் வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு தேதியில் விழுவது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இன்னொரு பிரிவும் உண்டு. இதுவரை சொன்ன நேரங்கள் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைச் சேர்ந்தவை. வாக்கியப் பஞ்சாங்கம் ஆரியபட்டர் காலத்து ஆண்டு அளவைக் கொண்டு நடக்கிறது. அதில் ஓர் ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இன்றைய மணிக் கணக்கில் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 வினாடி. உண்மையான நட்சத்திர ஆண்டைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் நீளம். அதனால் வாக்கிய முறையில் சங்கராந்தி இன்னும் விரைவாக, ஏறத்தாழ 62 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பிந்துகிறது. சங்கராந்தி நேரம் மாலைப் பொழுதை நெருங்கும் ஆண்டுகளில், ஒரு பஞ்சாங்கம் சூரியன் மறைவதற்கு முன் என்றும் மற்றொன்று பின் என்றும் சொல்லிவிடும். அந்த ஆண்டுகளில்தான் மாதப் பிறப்பு எந்த நாள் என்ற குழப்பம் எழுகிறது.

உத்தராயணம் என்று தொடங்குகிறது?

தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். ஆனால் சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டு வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். வீட்டு வாசலில் ஒரு குச்சியை நட்டு, தினமும் நண்பகல் நிழலை அளப்பவர் அந்த நாளிலேயே நிழல் மிக நீண்டிருப்பதைக் காண்பார். பொங்கலுக்குள் நிழல் சுருங்கத் தொடங்கி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கி.பி. 285 வாக்கில் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. இன்று இடைவெளி ஏறத்தாழ 24 நாள்.

திரும்பும் இடம் நட்சத்திரங்களுக்கு நடுவே மாறியிருப்பதை நம் முன்னோர் பதிவு செய்திருக்கிறார்கள். வேதாங்க சோதிடம், அவிட்ட நட்சத்திரத்தின் தொடக்கத்தில் சூரியன் இருக்கும்போது உத்தராயணம் தொடங்குவதாகச் சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் பிருகத் சம்ஹிதை எழுதிய வராகமிகிரர் அந்தப் பழைய நிலையைக் குறிப்பிட்டுவிட்டு, தம் காலத்தில் மகரத்தின் தொடக்கத்தில்தான் சூரியன் திரும்புகிறது என்றார். சந்தேகம் இருப்பவர் நேரில் கவனித்துச் சரிபார்க்கலாம் என்ற போக்கில் அவர் எழுதியிருப்பது கவனிக்க வேண்டியது. அவிட்டத் தொடக்கத்துக்கும் மகரத் தொடக்கத்துக்கும் இடையே 23 டிகிரி சொச்சம். அந்த அளவு நழுவ 1,700 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வராகமிகிரருக்குப் பின் அதே நழுவல் தொடர்ந்து, இன்று திரும்புமிடம் தனுசு ராசிக்குள் ஆழமாகப் போய்விட்டது.

நிறுத்த முடியுமா?

சுதந்திர இந்தியா 1952-இல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. இயற்பியலாளர் மேகநாத் சாஹா தலைவர், என்.சி. லாஹிரி செயலாளர். 1955-இல் அறிக்கை வந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி, பருவத்தை ஒட்டி வசந்த சமநாளுக்கு மறுநாள் தொடங்குகிறது. அது நகராது.

சமய நாட்காட்டிக்குக் குழு ஒரு நடுவழியைச் சொன்னது. விழுந்துவிட்ட இடைவெளியை ஒரேயடியாகச் சரிசெய்தால் பண்டிகைகள் மூன்று வாரம் முன்னே தாவும். மக்கள் ஏற்க மாட்டார்கள். ஆகவே அன்றைக்கு இருந்த 23 டிகிரி 15 கலை என்ற இடைவெளியை அப்படியே உறையவைத்து, சமநாள் புள்ளியிலிருந்து எப்போதும் அந்த அளவு தள்ளியே மேஷ மாதம் தொடங்கட்டும் என்றார்கள். அதன்படி நடந்திருந்தால் தை முதல் நாள் இப்போது இருக்கும் இடத்தை ஒட்டியே நின்றிருக்கும். பஞ்சாங்கங்கள் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் ராசிகள் நட்சத்திரங்களை விட்டுப் பிரிந்துபோயிருக்கும். பிறந்த நட்சத்திரம் ஒரு கணக்கிலும் பிறந்த மாதம் வேறொரு கணக்கிலும் ஓடும். பருவத்தோடு நிற்பதா, நட்சத்திரத்தோடு நிற்பதா என்பதில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். பூமியின் அச்சு அசையும் வரை இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வழி இல்லை. நம் பஞ்சாங்கங்கள் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்த தாவல் எப்போது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 2100 லீப் ஆண்டு அல்ல. திருக்கணிதமும் சூரியன் மறைவு விதியும் இப்போது போலவே தொடர்ந்தால், 2100-இல் பொங்கல் ஜனவரி 15-இல் வரும். அந்த ஆண்டு பிப்ரவரி 28-க்கு மறுநாள் மார்ச் 1 ஆகிவிடும். 2101-இல் சங்கராந்தி 15-ஆம் தேதி இரவில் நிகழும். பொங்கல் 16-க்குப் போகும். அதற்குப் பின் சில ஆண்டுகளுக்கு அது 16-ஐ விட்டு இறங்காது. இன்று பிறக்கும் குழந்தைகளில் சிலர் அந்தப் பொங்கலைக் கொண்டாடக்கூடும்.